கும்பகோணத்தைச் சுற்றியுள்ள சோழர் கோயில்கள்: பட்டியல் போடும் முன்

*கேள்வி: "கும்பகோணம் பக்கம் பார்க்க வேண்டிய சிறந்த பத்து சோழர் கோயில்கள்" என்று ஒரு கட்டுரை எழுதப் போகிறேன். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு காலம் சொல்கிறார்கள், எதை நம்புவது? விட்டுப்போன கோயில்களைப் பற்றி ஏதாவது எழுத வேண்டுமா?*

முதலில் அந்தப் "பத்து" என்ற எண்ணை எடுத்துவிடுங்கள். நானும் இதே மாதிரி ஒரு பட்டியலைப் பத்து என்று தொடங்கி, ஏழு தேறிய பிறகு மீதி மூன்றை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டுமே என்று அலைந்தேன். அப்படிச் சேர்த்த மூன்றும் கட்டுரையில் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றன. கடைசியில் அவற்றை எடுத்துவிட்டு ஏழு என்றே போட்டேன்.

அடுத்தது "சோழர் கோயில்" என்றால் என்ன என்பது. சோழ அரச குடும்பத்தார் கட்டியதா, சோழர் காலத்தில் யார் கட்டியிருந்தாலுமா, அல்லது சோழர் கல்வெட்டு ஒன்று இருந்தாலே போதுமா? மூன்றாவதை எடுத்துக்கொண்டால் டெல்டாவில் பாதிக் கோயில்கள் உள்ளே வந்துவிடும். நான் வைத்துக்கொண்டது இது: இன்று நாம் பார்க்கும் கருவறையும் விமானமும் சோழர் காலத்துக் கற்கட்டடமாக இருக்க வேண்டும். மண்டபம், கோபுரம், திருச்சுற்று எல்லாம் பின்னால் வந்ததாக இருக்கலாம், பரவாயில்லை. இரண்டாவது அளவுகோல், அந்தக் காலத்தைச் சொல்லக் கல்வெட்டோ ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட வேறு சான்றோ இருக்க வேண்டும். மூன்றாவது, கும்பகோணத்திலிருந்து 45 கிலோமீட்டருக்குள். நான்காவது, கடந்த இரண்டு ஆண்டுகளில் நானே நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

எது அளவுகோல் இல்லை என்பதையும் எழுதிவிடுங்கள். தலத்தின் மகிமை, பரிகாரம், கூட்டம் இவற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை என்று முதல் பத்தியிலேயே சொன்னேன். சொல்லாமல் விட்டால், "எங்கள் ஊர் கோயில் எவ்வளவு சக்தி வாய்ந்தது தெரியுமா, ஏன் விட்டீர்கள்?" என்று ஒருவர் மனம் புண்பட்டுக் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. நீங்கள் எதை அளந்தீர்கள் என்று அவருக்குத் தெரிய வழியில்லையே.

இந்த அளவுகோல்களை இடம் தேர்வதற்கு முன்பே தாளில் எழுதி வையுங்கள். அவை உண்மையில் வேலை செய்கின்றனவா என்பதற்கு எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றாவது வெளியே போக வேண்டும். எனக்கு அப்படிப் போனது மேலக்கடம்பூர். முதலாம் குலோத்துங்கன் காலத்தது. சக்கரமும் குதிரையும் வைத்துக் கருவறையையே தேராகச் செதுக்கியிருக்கிறார்கள், அதுவும் தாராசுரத்துக்கு முன்பே. காட்டுமன்னார்கோயில் பக்கம் இருப்பதால் 45 கிலோமீட்டரைச் சற்றே தாண்டிவிடுகிறது. எல்லையை 60 ஆக்கிவிடலாமா என்று தோன்றியது. ஆக்கினால் அதே தூரத்தில் இருக்கும் மற்ற எல்லாக் கோயில்களையும் போய்ப் பார்த்தாக வேண்டும். அதனால் விட்டேன், தூரத்துக்காக மட்டுமே விட்டேன் என்று கட்டுரையிலும் எழுதினேன்.

சரி, காலத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் கடினமான பகுதி இதுதான். ஒரே கோயிலுக்கு மூன்று காலம் சொல்கிறார்கள் என்றால், பெரும்பாலும் மூவரும் மூன்று வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். கோனேரிராஜபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெயர் திருநல்லம். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் என்பதால் 7-ம் நூற்றாண்டுக் கோயில் என்பார்கள். தலத்துக்கு அது சரி. ஆனால் நாம் பார்க்கும் கற்றளி அவர்கள் பார்த்ததல்ல. கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவி, தம் மகன் உத்தம சோழன் ஆண்ட காலத்தில், கணவர் பெயரால் எழுப்பியது இது. கருவறையின் தென்சுவரில் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவது போலச் சிறிய சிற்பம் ஒன்று இருக்கிறது. திருக்கற்றளி எழுப்பிய செய்தியை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. கட்டிய சிற்பியின் பெயர்கூடக் கிடைக்கிறது: ஆலத்தூருடையான் சாத்தன் குணபட்டன். ஆகவே கட்டடத்தின் காலம் ஏறத்தாழ 970-க்கும் 985-க்கும் இடைப்பட்டது. பட்டியலில் நான் இரண்டையும் போட்டேன்: "தலம்: தேவாரக் காலத்துக்கும் முந்தியது. கட்டடம்: உத்தம சோழன் காலம்." இப்படிப் பிரித்து எழுதிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

பெரும்பாலும் கல்வெட்டில் நேரடியான வருடம் இருக்காது, அரசனின் ஆட்சியாண்டுதான் இருக்கும். அதை நம் கணக்குக்கு மாற்றுவதில்தான் பிழைகள் நுழைகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலை வைத்து ஒருமுறை செய்து பார்க்கலாம். ராஜராஜன் தன் 25-ம் ஆட்சியாண்டின் 275-ம் நாளில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்காகச் செப்புக்குடம் ஒன்றைக் கொடுத்தான் என்கிறது கல்வெட்டு. அவன் ஆட்சிக்கு வந்தது 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். முதல் ஆண்டு 985-ல் தொடங்குகிறது, அப்படியானால் 25-ம் ஆண்டு தொடங்குவது 1009-ன் நடுவில். இங்கேதான் பலர் 985-உடன் 25-ஐக் கூட்டி 1010 என்பார்கள். கூட்ட வேண்டியது 24. 1009 நடுவிலிருந்து 275 நாள் எண்ணினால் 1010 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் இடையில் வந்து நிற்கும். இந்த இடத்தில் இரண்டு கணக்கும் 1010-ஐயே காட்டுவதால் தவறு வெளியே தெரிவதில்லை. வேறு கல்வெட்டில் ஒரு வருடம் தள்ளிப்போய்விடும்.

அடுத்த கேள்வி, அந்த நாளில் உண்மையில் என்ன நடந்தது? கல்வெட்டு சொல்வது குடம் கொடுத்ததை. கோயில் வேலை முழுவதும் அன்றோடு முடிந்தது என்று அது சொல்லவில்லை. 26-ம் ஆண்டின் 20-ம் நாளில், அதாவது குடம் கொடுத்து 110 நாள் கழித்து, தானும் தன் அக்கனும் தன் பெண்டுகளும் மற்றவர்களும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் ஆணையிட்டதும் அங்கேயே இருக்கிறது. ஆகவே "1010-ல் கட்டி முடிக்கப்பட்டது" என்று எழுதுவதைவிட "1010-ல் விமானத்தின் உச்சிக்குக் குடம் கொடுக்கப்பட்டது" என்று எழுதுங்கள். சில சொற்கள்தான் மாறுகின்றன. ஆனால் கல்வெட்டில் இருப்பதைத் தாண்டாமல் நிற்கிறீர்கள்.

ராஜேந்திரனுக்கு வரும்போது இன்னொரு சிக்கல். அவன் 1012-லேயே தந்தையோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்துவிட்டான், ராஜராஜன் மறைந்தது 1014-ல். ஆட்சியாண்டை 1012-லிருந்துதான் எண்ண வேண்டும். "ராஜேந்திரன் 1014-ல் முடிசூடினான்" என்று எங்கோ படித்ததை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் இரண்டு ஆண்டு நகர்ந்துவிடும். கங்கைகொண்டசோழபுரத்துக்குத் தஞ்சையில் உள்ளது போல நாள் குறித்த ஒரு கல்வெட்டைக் காட்ட முடியாது. 1022, 1023-ஐ ஒட்டிய கங்கைப் படையெடுப்புக்குப் பிந்தியது என்பது பெயரிலேயே இருக்கிறது. "1030-களில்" என்று நான் எழுதினேன். 1035 என்று துல்லியமாக எழுதத் தோன்றும், பலரும் எழுதுகிறார்கள். உங்களிடம் சான்று எந்த அளவுக்கு இருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் துல்லியம் காட்டுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி ராஜகேசரி, பரகேசரி விவகாரம். சோழ அரசர்கள் இந்த இரண்டு பட்டங்களையும் மாற்றி மாற்றிச் சூடினார்கள். "கோப்பரகேசரிவர்மர்க்கு யாண்டு 12" என்று மட்டும் ஒரு கல்வெட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முந்திய காலத்தில் மட்டும் விஜயாலயன், முதலாம் பராந்தகன், அரிஞ்சயன், இரண்டாம் ஆதித்தன், உத்தம சோழன் எல்லாருமே பரகேசரிகள். அரிஞ்சயனும் ஆதித்தனும் 12 ஆண்டு ஆளவில்லை, அதனால் அவர்களை விலக்கலாம். விஜயாலயன் காலத்தது என்று ஒரு கற்றளியை நிறுவுவது கடினம். மீதி இருவர். பராந்தகன் 907-ல் வந்தான், அவனது 12-ம் ஆண்டு 918-19. உத்தமனுடையது என்றால் 982-ஐ ஒட்டி. ஒரே வரி, 60 ஆண்டுக்கு மேல் வித்தியாசம்.

எப்படி முடிவு செய்வது? "மதுரை கொண்ட" என்று முன்னால் ஓர் அடைமொழி இருந்தால் பராந்தகன். அது இல்லையென்றால் கல்வெட்டில் வரும் அரசியின் பெயர், அதிகாரியின் பெயர், எழுத்தின் வடிவம், அப்புறம் கட்டடத்தின் அமைப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இது நானும் நீங்களும் ஒரு மதியத்தில் செய்துவிடும் வேலை இல்லை. கல்வெட்டு அறிஞர் ஒருவர் எந்த அரசனுக்கு உரியது என்கிறார், ஏன் என்கிறார் என்பதைத் தேடிப் படிப்பதே நம் வேலை. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் தஞ்சைக்கு இரண்டாம் தொகுதி இருக்கிறது. மற்ற ஊர்களுக்குக் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளில் ஊர்ப் பெயரால் தேடலாம். கோயில் வாசலில் இருக்கும் தலவரலாற்றுப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அது ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. கட்டடத்தின் காலத்துக்கு அதைச் சான்றாக வைக்காதீர்கள்.

புள்ளமங்கையும் கும்பகோணம் நாகேஸ்வரரும் என் பட்டியலில் இருக்கின்றன. இரண்டுக்குமே முதலாம் ஆதித்தன் காலமா, முதலாம் பராந்தகன் காலமா என்ற கருத்து வேறுபாடு உண்டு. நான் ஒரு பக்கம் சாயவில்லை. "9-ம் நூற்றாண்டின் இறுதி அல்லது 10-ம் நூற்றாண்டின் தொடக்கம்" என்றே எழுதினேன். புள்ளமங்கையில் அடித்தளத்தை ஒட்டிக் குனிந்து பார்த்தால் உள்ளங்கை அளவுக் கட்டங்களில் ராமாயணக் காட்சிகள் ஓடுகின்றன. அதைச் சொல்ல எனக்கு வருடம் துல்லியமாகத் தேவைப்படவில்லை.

கல்லும் இடம் மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். தாராசுரத்தில் ஒரு துவாரபாலகர் சிற்பம் இருந்தது, இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. விஜயராஜேந்திரன் கலியாணபுரத்தை வென்று கொண்டுவந்த துவாரபாலகர் என்று அதன் பீடத்திலேயே வெட்டியிருக்கிறது. அந்த விஜயராஜேந்திரன் 11-ம் நூற்றாண்டின் முதலாம் ராஜாதிராஜன். தாராசுரம் கோயிலோ இரண்டாம் ராஜராஜன் 12-ம் நூற்றாண்டில் எழுப்பியது. அந்தப் பீடத்தை மட்டும் படித்துவிட்டுக் கோயிலுக்குக் காலம் சொன்னால் நூறு ஆண்டு பிசகும். தஞ்சையிலும் இப்படித்தான். பெரிய நந்தியின் படத்தைப் போட்டு "ராஜராஜன் அமைத்த நந்தி" என்று எழுதுகிறார்கள். அது நாயக்கர் காலத்தது. சுப்பிரமணியர் சன்னதியும் நாயக்கர் காலம். அம்மன் சன்னதி பாண்டியர் காலம். கோயில் வளாகம் முழுவதற்கும் ஒரே வருடத்தைப் போடாமல், படத்தில் எது தெரிகிறதோ அதற்கு உரிய காலத்தை அந்தப் படத்தின் கீழே போடுங்கள்.

யுனெஸ்கோவையும் கவனியுங்கள். "மூன்று கோயில்களும் 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்" என்று வரும். 1987-ல் சேர்ந்தது தஞ்சை மட்டும். கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் 2004-ல்தான் சேர்ந்தன. அப்புறம், தஞ்சை விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதை. ஒரு மாலை நேரம் பிரகாரத்தில் நின்று பாருங்கள், நிழல் நீளமாக விழுந்து கிடக்கும். அதைக் கட்டுரையில் மறுக்கக்கூட வேண்டாம், எழுதாமல் விட்டால் போதும்.

பழைய காலத்தைச் சரிபார்த்த அளவுக்கு இன்றைய நிலவரத்தையும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு கோயிலுக்கும் கீழே "நேரில் பார்த்தது" என்று மாதமும் வருடமும் போடுங்கள். இது எதற்கென்றால், திருப்பணி. குடமுழுக்குக்கு முன் பாலாலயம் செய்துவிட்டால் விமானத்தைச் சுற்றிச் சாரம் கட்டிக் கீற்று வேய்ந்துவிடுவார்கள். நீங்கள் மணிக்கணக்கில் வர்ணித்த சிற்பம் எதுவும் வெளியே தெரியாது. திருப்பணி முடிந்த பிறகு போனால் சுதை உருவங்களில் புது வண்ணம் இருக்கும், சில இடங்களில் தளம் உயர்ந்து அடித்தளத்தின் கீழ்வரிக் கல்வெட்டே மறைந்துபோயிருக்கும். தஞ்சையில் கடைசியாகக் குடமுழுக்கு நடந்தது 2020 பிப்ரவரி 5. அதற்கு முந்தைய படத்தைப் போடுவதாக இருந்தால் எந்த ஆண்டுப் படம் என்று சொல்லிவிடுங்கள்.

நடை திறக்கும் நேரத்தை நான் மணி நிமிடத்தோடு போடுவதில்லை. நடுப்பகலில் சாத்திவிட்டு மாலை நான்கு மணி வாக்கில் திறப்பார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சிறிய ஊர்க் கோயில்களுக்குக் குருக்களிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போகச் சொல்வேன். ஒருமுறை நான் போட்ட நேரத்தை நம்பி ஒரு குடும்பம் குழந்தைகளோடு வெயிலில் பூட்டிய கதவின் முன் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது. எனக்கு எழுதித் தெரிவித்தார்கள். அன்றே அந்த வரியை மாற்றினேன், மாற்றிய தேதியையும் பக்கத்தில் போட்டேன். திருத்தினால் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். பழைய வடிவத்தைப் படித்துவிட்டுக் கிளம்பியவர்கள் எங்கோ இருப்பார்கள்.

விட்டுப்போனவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. காரணங்கள் ஒன்றுபோல் இருக்காது, அவற்றைக் கலக்கவும் கூடாது. மேலக்கடம்பூர் தூரத்தால் போனது, தரத்தால் அல்ல. நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் புதுக்கோட்டைப் பக்கம் என்பதால் எப்படியும் எல்லைக்கு வெளியே. ஆனால் அதைத் தனியாகக் குறிப்பிட்டேன், ஏனென்றால் பெயரைப் பார்த்து விஜயாலய சோழன் கட்டியது என்று எல்லாப் பட்டியலிலும் வருகிறது. அங்குள்ள கல்வெட்டு, சாத்தன் பூதி என்பவர் கட்டிய கற்றளி மழையால் இடிந்துபோக மல்லன் விதுமன் புதுப்பித்தான் என்கிறது. பெயரில் சோழன் இருக்கிறான், கல்வெட்டில் இருப்பவர்கள் முத்தரையர்கள்.

மூன்றாவது வகை, நான் பார்க்க முடியாதவை. தஞ்சைக்கு வடக்கே ஒரு சிறிய ஊரில் இரண்டு முறை போயும் கோயில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் வெளியூர் போயிருந்தார். படங்களைப் பார்த்து எழுதியிருக்கலாம், நன்றாகவே எழுத வந்திருக்கும். எழுதவில்லை. "இரண்டு முறை சென்றும் உள்ளே பார்க்க இயலவில்லை, அதனால் மதிப்பிடவில்லை" என்று ஒரு வரி போட்டேன். அந்த வரியைப் படித்த ஊர்க்காரர் ஒருவர் சாவி யாரிடம் இருக்கும், எந்தக் கிழமை வந்தால் நல்லது என்று விவரமாக எழுதினார். அடுத்த தையில் போகப் போகிறேன்.

நான்காவது வகையை எழுதத்தான் தயக்கமாக இருக்கும்: அளவுகோலுக்குள் வந்தும் நீங்கள் சேர்க்காதவை. திருவையாற்றில் ஐயாறப்பர் வளாகத்துக்குள் வட கயிலாயம் என்று தனிக் கோயில் ஒன்று உண்டு. ராஜராஜனின் தேவி தந்திசக்தி விடங்கி எழுப்பியது, அவளுடைய உலோகமாதேவி என்ற பெயரால் உலோகமாதேவீச்சரம் என்று கல்வெட்டு சொல்கிறது. என் நான்கு அளவுகோலும் அதற்குப் பொருந்தும். ஆனால் முதன்முறை எழுதியபோது ஐயாறப்பர் கோயில் முழுவதையும் ஒரே பதிவாக எடைபோட்டு, பல காலக் கட்டடம் என்று தள்ளிவிட்டேன். அது என் தவறு. தனிக் கோயிலாகப் பார்த்திருந்தால் உள்ளே வந்திருக்கும். இப்போது பட்டியலில் எட்டாவதாக அது இருக்கிறது, ஏன் முன்பு இல்லை என்ற குறிப்போடு. உங்கள் பட்டியலிலும் பெரிய வளாகங்களைப் பார்க்கும்போது உள்ளே இருக்கும் சிறிய சன்னதிகளைத் தனித்தனியாக எண்ணுங்கள், என் வரிசையில் பிசகியது அங்கேதான்.

இப்படிப் பார்த்தால் கையில் நிற்பவை தஞ்சை, கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம், மூன்றாம் குலோத்துங்கனின் திருபுவனம், புள்ளமங்கை, நாகேஸ்வரர், கோனேரிராஜபுரம், வட கயிலாயம். உங்கள் அளவுகோல் வேறாக இருந்தால் உங்கள் வரிசையும் வேறாகத்தான் வரும். எழுதி முடித்ததும் கோனேரிராஜபுரத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். நடராஜரைப் பார்க்கத்தான் எல்லாரும் போகிறார்கள். நீங்கள் தென்சுவரில் கண்டராதித்தர் இருக்கும் அந்தச் சிறிய கட்டத்துக்கு முன்னால் நின்று, நீங்கள் எழுதியதை அங்கேயே ஒருமுறை படித்துப் பாருங்கள்.